மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல: ஒரு ராத்திரி பேஸ் மாறிப்போன கதை

தூத்துக்குடி மாவட்டத்தில் வைப்பாற்றுப் பக்கம் ஒரு பூஸ்டர் ஸ்டேஷன். தரைத்தொட்டித் தண்ணீரை 28 மீட்டர் மேலே இருக்கும் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். 50 எச்.பி. மோட்டார், ஸ்பிளிட் கேசிங் பம்ப், இரண்டையும் இணைக்க எட்டு பின் வைத்த பின் புஷ் கப்ளிங், மோட்டாரை ஸ்டாரில் மெல்லக் கிளப்பி டெல்டாவில் முழுதாக ஓட்டும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர். மின்சாரம் போனால் கைகொடுக்க 125 கே.வி.ஏ. ஜெனரேட்டர். மறுநாள் காலை அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். சைட் இன்ஜினியர் நான்.

சாயங்காலம் 4 மணிக்கு ஈ.பி. சப்ளையில் எல்லாம் முறைப்படி முடிந்தது. கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஒரு தட்டு தட்டிச் சுற்றும் திசை பார்த்தோம். பம்பின் வெளிக்கூடான கேசிங்கில் வார்த்திருந்த அம்புக்குறியோடு ஒத்துப்போனது. அப்புறம் கப்ளிங் பூட்டி, டெலிவரி வால்வை மூடி ஓட்டியதில் அழுத்தம் காட்டும் கேஜ் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ காட்டியது, கரண்ட் 38 ஆம்பியர். வால்வைத் திறந்ததும் 4 கிலோ, 58 ஆம்பியர். மேலே தொட்டியில் தண்ணீர் கொட்டியது. இந்த எண்களை டைரியில் எழுதி வைத்தேன். அன்று நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான் என்று பின்னால் தெரிந்தது.

ராத்திரி 9 மணிக்கு ஈ.பி. போனது. சரி, ஜெனரேட்டரிலும் ஒரு ஓட்டம் பார்த்துவிடலாம் என்று 11 மணிவாக்கில், சப்ளையை ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பினோம். நானும், எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியும், ஹெல்பர் தம்பியும். மேல்நிலைத் தொட்டியில் வயதான ஆபரேட்டர் ஒருவர், கையில் போன்.

அறிகுறி: மோட்டார் அமைதியாக ஓடுகிறது, கேஜ் பாதியில் நிற்கிறது, மேலே தண்ணீர் இல்லை

ஸ்டார்ட் கொடுத்ததும் மோட்டார் சுணக்கமில்லாமல் எழுந்தது. ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறியது. எந்த விளக்கும் சிவப்பில்லை. வால்வைத் திறந்தோம். 5 நிமிடம் ஆகியும் போனில், "என்ன சார், ஒரு சொட்டுகூட வரலையே" என்றார் ஆபரேட்டர்.

வோல்டேஜ் மூன்று பேஸிலும் 415. கரண்ட் மூன்றிலும் 43, ஏற்றத்தாழ்வே இல்லை. கேஜ் மட்டும் 2.4 கிலோவில் ஆணியடித்தது போல நின்றது.

"ஏர் லாக் சார்" என்றார் அண்ணாச்சி. யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் காற்று பிடித்த பம்பின் கேஜ் முள் இப்படி நிற்காது. ஏறும், இறங்கும், துடிக்கும். கேசிங்குக்குள் சரளைக்கல் உருளுவது போலச் சத்தம் வரும். பம்புக்குள் சுழலும் இம்பெல்லருக்குத் தண்ணீரே கிடைக்காததால் கரண்ட்டும் காலி ஓட்டத்தின் அளவுக்குச் சரியும். கேசிங் உச்சியில் இருக்கும் ஏர் காக்கைத் திறந்து பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். திறந்தோம். சீறல் ஏதுமில்லாமல் தண்ணீர் விரல் பருமனுக்கு வழிந்தது. காற்று இல்லை.

அடுத்து டெலிவரி வால்வை முழுக்க மூடிப் பார்த்தேன். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல சோதனை கிடையாது. வால்வு மூடியபோது ஒரு பம்ப் காட்டும் அழுத்தம், இம்பெல்லரின் விட்டத்தையும் வேகத்தையும் பொறுத்து ஏறக்குறைய நிலையாக இருக்கும். குழாய், தொட்டி, லீக் எதற்கும் அதில் பங்கில்லை. பகலில் 5 கிலோ காட்டிய அதே பம்ப் இப்போது மூடிய வால்விலும் அதே 2.4 கிலோதான். அதாவது திறந்திருந்தபோதும் தண்ணீர் நகரவே இல்லை. மேலே ஏற 28 மீட்டர், கிட்டத்தட்ட 2.8 கிலோ வேண்டும். பம்ப் தருவது 2.4. தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வு திறந்தே இருக்காது.

வேகம் குறையவில்லை, காற்று இல்லை, சக்‌ஷன் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறது, இம்பெல்லர் பகலில் இருந்த அதே இம்பெல்லர். ஆனாலும் அழுத்தம் பாதி. இப்படி வந்தால் சுற்றும் திசையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சென்ட்ரிஃபியூகல் பம்ப் தலைகீழாகச் சுற்றினால் தண்ணீரைப் பின்னால் இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இழுக்காது. எந்தப் பக்கம் சுற்றினாலும் மையவிலக்கு விசை தண்ணீரை வெளியேதான் வீசும். இம்பெல்லர் இதழ்களின் வளைவும் கேசிங்கின் நத்தைக்கூட்டு வடிவமும் ஒரு திசைக்கென்று செய்தவை; மறுதிசையில் சுற்றும்போது அந்த வேகம் அழுத்தமாக மாறாமல் உள்ளேயே கலக்கலாகி வீணாகிறது. அதனால்தான் ஏமாற்றம். ஒன்றுமே வராவிட்டால் உடனே பிடித்துவிடலாம். பாதி வருவதால்தான் ஆள் ஏர் லாக், ஃபுட் வால்வு, அடைப்பு என்று அலைகிறான். தொட்டி இன்னும் 10 மீட்டர் தாழ்வாக இருந்திருந்தால் தண்ணீரும் கொஞ்சம் ஏறியிருக்கும். "பம்ப் வீக்" என்று எழுதிவிட்டுப் போயிருப்போம்.

கரண்ட்டை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. எங்களுக்கு மூடிய வால்வில் பகலில் 38, இரவில் 43. வேறு பம்பில் இது குறைவாகவும் வரலாம். நம்பத் தக்கது மூடிய வால்வின் அழுத்தம்தான். அதையும் ஒரு நிமிடத்துக்குள் பார்த்து நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் வெளியேறாமல் கலக்கப்படுவதால் கேசிங் சூடேறும். நான் கை வைத்தபோது ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருந்தது. ஷாஃப்டில் மரை போட்டு மாட்டும் இம்பெல்லராக இருந்தால் இன்னும் மோசம், தலைகீழ் ஓட்டத்தில் கழன்று கேசிங்கில் போய் இடிக்கும். எங்களுடையது சாவி போட்ட இம்பெல்லர் என்பதால் தப்பித்தோம்.

அறிகுறி: கப்ளிங் சரியான பக்கம் சுற்றுவதாகக் கண்ணுக்குத் தெரிகிறது

"திசை மாறிடுச்சு அண்ணாச்சி" என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"நீங்களே வந்து பாருங்க சார்." பம்பை மறுபடி ஓட்டி, கப்ளிங் கார்டின் வலைக்குள் காட்டினார். உண்மைதான். எட்டு பின்களும் அம்புக்குறி காட்டும் பக்கமே, மெதுவாக, கோயில் தேர் நகர்வது போலச் சுற்றிக்கொண்டிருந்தன. தம்பியும் பார்த்து, "கரெக்டாதான சார் சுத்துது" என்றான். ஒரு நிமிடம் நானும் நம்பிவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. நிமிடத்துக்கு 1480 சுற்று ஓடும் மோட்டாரின் கப்ளிங் எப்படி மெதுவாகத் தெரியும்?

தலைக்கு மேலே பழைய சோக் வைத்த டியூப் லைட். 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் அது வினாடிக்கு 100 தடவை மினுங்கும். நான்கு துருவ மோட்டார் லோடு இல்லாமலிருந்தால் கிட்டத்தட்ட நிமிடத்துக்கு 1500 சுற்று, வினாடிக்கு 25. அப்படியானால் ஒரு மினுங்கலுக்கும் அடுத்ததுக்கும் இடையில் சரியாகக் கால் சுற்று. எட்டு பின் கப்ளிங் கால் சுற்று திரும்பினால் ஒரு பின் இருந்த இடத்தில் இன்னொரு பின் வந்து நிற்கும். கண்ணுக்கு அசையாதது போலத் தெரியும். ஆனால் இண்டக்‌ஷன் மோட்டார் எப்போதும் 1500-க்குச் சற்றுக் கீழேதான் ஓடும். அன்றைய லோடில் 1488 பக்கம் இருந்திருக்கும். ஒவ்வொரு மினுங்கலிலும் பின் தன் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னதாகவே நின்றுவிடுகிறது. அந்தக் குறைவுகள் சேர்ந்து, நிமிடத்துக்கு 12 சுற்று வீதம் பின்னோக்கி நகர்வதாகக் கண் பார்க்கிறது.

பின்னோக்கி என்பதைக் கவனியுங்கள். டியூப் லைட்டில் அந்தக் கப்ளிங் காட்டுவது எப்போதுமே உண்மைத் திசைக்கு எதிர்த் திசை. மெதுவாக அம்புக்குறிப் பக்கம் போவதாகத் தெரிந்தால் மோட்டார் அம்புக்குறிக்கு எதிராக ஓடுகிறது என்று அர்த்தம். ஜெனரேட்டரின் ஹெர்ட்ஸ் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பயனில்லை. விளக்கும் மோட்டாரும் ஒரே சப்ளையில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே மாறும். ஆறு பின் கப்ளிங்கில் இந்த ஏமாற்று இவ்வளவு தெளிவாக வராது. நான்கிலும் எட்டிலும் வரும்.

சரியாகப் பார்க்கும் முறை எளிது. லைட்டை அணைத்து, செல் போட்ட டார்ச்சை அடித்து, மோட்டாரை நிறுத்தி, அது ஓய்ந்து நிற்கும் கடைசி இரண்டு மூன்று சுற்றைப் பாருங்கள். பம்ப் பக்கம் நின்று பார்ப்பதும் மோட்டாரின் விசிறி மூடிப் பக்கம் நின்று பார்ப்பதும் இடவலம் மாற்றிக் காட்டும். ஆகவே வலம் இடம் என்று சொல்லிக்கொள்ளாமல், கப்ளிங்கின் மேல் விளிம்பு எந்தச் சுவரை நோக்கிப் போகிறது என்று பாருங்கள். எங்களுக்கு அது ஜன்னல் பக்கம் போக வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் கதவுப் பக்கம் போனது.

அண்ணாச்சி டார்ச்சையும் டியூப் லைட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "முப்பது வருசமா இந்த வேலை பார்க்கேன் சார்" என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை.

அறிகுறி: ஸ்டாரில் சரி, டெல்டாவுக்கு மாறியதும் உறுமி டிரிப்

திசை மாற்ற வழி எல்லாருக்கும் தெரியும். மூன்றில் ஏதாவது இரண்டு பேஸை மாற்றிப் போட வேண்டும். மணி 12 ஆகிவிட்டது. அண்ணாச்சி சப்ளையை நிறுத்தி, மோட்டார் டெர்மினல் பாக்ஸைத் திறந்து யூ1, வி1 இரண்டு லக்கையும் இடம் மாற்றினார். பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவன் நான். தடுத்திருக்க வேண்டியவனும் நான்தான்.

ஸ்டார்ட் கொடுத்தோம். ஸ்டாரில் அழகாக எழுந்தது, கேஜ் 4.5 கிலோவைத் தாண்டியது. "ஏறிருச்சு சார்!" என்று தம்பி கத்தினான். 10 வினாடியில் டைமர் டெல்டாவுக்கு மாற்றியது. அவ்வளவுதான், மாடு கத்துவது போல ஒரு உறுமல், ஜெனரேட்டர் இன்ஜின் முனகியது, லைட் மங்கியது, எம்.சி.சி.பி. பிரேக்கர் டிரிப்.

ஸ்டார்ட்டர் இன்கமிங்கில் ஆர், ஒய், பி மூன்று பேஸில் ஒய்யில் மட்டும் கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரைப் பிடித்திருந்த தம்பி, "சார், ஒய்ல சைபர்தான் காட்டுச்சு" என்றான். ஒய் பேஸ் வரவில்லையோ, கான்டாக்டரின் ஒரு முனை பிடிக்கவில்லையோ என்று கால் மணி நேரம் அதைக் குடைந்தோம். ஒய்யில் வோல்டேஜ் முழுசாக இருந்தது. கான்டாக்டரும் சுத்தம். அப்புறம் தரையில் உட்கார்ந்து சாக்பீஸால் வரைந்து பார்த்தேன்.

ஸ்டார் டெல்டா மோட்டாருக்குள் மூன்று கம்பிச் சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முனை, மொத்தம் ஆறு வயர். தொடக்க முனைகள் யூ1, வி1, டபிள்யூ1 முறையே ஆர், ஒய், பி. டெல்டாவில் மற்ற முனைகளும் சப்ளைக்கு வருகின்றன: டபிள்யூ2 ஆருக்கு, யூ2 ஒய்க்கு, வி2 பிக்கு. ஆக யூ சுற்று ஆருக்கும் ஒய்க்கும் நடுவே, வி சுற்று ஒய்க்கும் பிக்கும் நடுவே, டபிள்யூ சுற்று பிக்கும் ஆருக்கும் நடுவே உட்கார வேண்டும்.

நாங்கள் யூ1-ஐயும் வி1-ஐயும் மட்டும் மாற்றிவிட்டோம். யூ1 இப்போது ஒய்யில். யூ2 ஏற்கெனவே ஒய்யில். ஒரே பேஸில் இரண்டு முனையும்: அந்தச் சுற்று ஷார்ட். மிச்ச இரண்டு சுற்றும் ஆருக்கும் பிக்கும் நடுவே, ஒன்றுக்கொன்று எதிராக. மூன்று பேஸ் மோட்டார் ஒரு பேஸ் மோட்டாராகிவிட்டது, கூடவே வயிற்றில் ஒரு ஷார்ட். ஒய் லைனில் தொங்குவது அந்த ஷார்ட்டான சுற்று மட்டும்தான் என்பதால் லைனிலிருந்து அதற்குக் கரண்ட் போக வழியில்லை. தம்பி பார்த்த சைபர் அதுதான். அவன் டெஸ்டரை ஆரிலோ பியிலோ பிடித்திருந்தால் முள் கடைசிக்கே போயிருக்கும். ஸ்டாரில் மட்டும் ஏன் சரியாக ஓடியது? அங்கே யூ2, வி2, டபிள்யூ2 மூன்றும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால் எந்த வயர் எங்கே என்பதே பிரச்சினை இல்லை.

ஆகவே ஸ்டாரில் நல்லபடி ஓடி, மாறும் நொடியில் உறுமி விழுந்தால், ஒரு பேஸில் சைபரும் மற்ற இரண்டில் மலையளவும் கரண்ட் வந்தால், மோட்டார் எரிந்துவிட்டது என்று பயப்படும் முன் ஆறு வயரும் சரியாக ஜோடி சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். டெர்மினல் பாக்ஸில்தான் மாற்றியாக வேண்டுமென்றால் யூ1-வி1 மாற்றியதோடு யூ2-வி2-வையும் மாற்ற வேண்டும். அதைவிட நல்லது, ஸ்டார்ட்டருக்குள் வரும் மூன்று வயரில் இரண்டை மாற்றுவது. அங்கிருந்து கீழே எல்லாம் தானாகச் சரியாகிவிடும். இன்னொரு தடவை ஸ்டார்ட் கொடுத்துப் பார்ப்போமே என்று மட்டும் போகாதீர்கள். நாங்கள் வயரைப் பழையபடி போட்டு, இன்சுலேஷன் அளக்கும் மெக்கர் வைத்து, மூன்று சுற்றும் பாடிக்கு 200 மெகா ஓமுக்கு மேல் இருப்பதைப் பார்த்த பிறகுதான் எழுந்தோம். அது வரை எனக்கு உள்ளங்கை வியர்த்தபடியே இருந்தது.

அறிகுறி: ஒரு சப்ளையில் சரி, இன்னொன்றில் தலைகீழ்

"அப்ப ஸ்டார்ட்டர் இன்கமிங்ல மாத்திருவோமா சார்?" அண்ணாச்சி ஸ்பேனரை எடுத்துவிட்டார்.

இந்தத் தடவை கையைப் பிடித்தேன். அங்கே மாற்றினால் இப்போது பம்ப் சரியாக ஓடும். விடியற்காலை ஈ.பி. வந்து சேஞ்ச் ஓவர் திரும்பியதும், அதிகாரிகள் முன்னால், தலைகீழாக ஓடும். மோட்டாரும் ஸ்டார்ட்டரும் பகலில் சரியாக ஓடியவை. இடையில் மாறியது சப்ளை ஒன்றுதான். அப்படியானால் தப்பு சேஞ்ச் ஓவருக்கு அந்தப் பக்கம், ஜெனரேட்டரில்.

எங்கே மாற்றுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான். ஒரு மோட்டார் மட்டும் எல்லாச் சப்ளையிலும் தலைகீழ் என்றால் அதன் ஸ்டார்ட்டரில். எல்லா மோட்டாரும் எல்லாச் சப்ளையிலும் தலைகீழ் என்றால் சேஞ்ச் ஓவருக்குப் பின்னால் பொதுவாக வரும் கேபிளில். ஒரு சப்ளையில் மட்டும் என்றால் அந்தச் சப்ளையின் கேபிளில், சேஞ்ச் ஓவருக்கு முன்னால்.

பேஸ்களின் வரிசையைக் காட்டும் பேஸ் சீக்வென்ஸ் மீட்டரை எடுத்து, சேஞ்ச் ஓவரின் ஜெனரேட்டர் பக்க முனைகளில் ஆர், ஒய், பி வரிசையில் மாட்டினேன். தட்டு எதிர்ப்பக்கம் சுற்றியது. 415 வோல்ட் மூன்று ஜோடியிலும் சரியாக இருந்தாலும் வரிசை வேறு. சாதா மீட்டர் இதைக் காட்டாது.

பகலில் ஏன் யாருக்கும் தெரியவில்லை? ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டியவர்கள் விளக்குகளை மட்டும் எரிய விட்டுக் கையெழுத்து வாங்கிப் போனார்கள். கையெழுத்துப் போட்டதும் நான்தான். விளக்குக்கு வரிசை தெரியாது. பேஸ் மாறினால் தடுக்க வேண்டிய ரிலேயும் ஈ.பி. இன்கமரில் இருந்தது, ஈ.பி. பிரேக்கரை டிரிப் செய்வது மட்டுமே அதன் வேலை. ஜெனரேட்டர் அதன் கண்ணிலேயே படாது.

இன்ஜினை நிறுத்தி, பிரேக்கரை இறக்கி, பேட்டரி நெகட்டிவ் வயரையும் கழற்றினோம். ஆட்டோவில் ஸ்டார்ட் ஆகும் செட்டுக்கு இது கட்டாயம். உள்ளே கை இருக்கும்போது அது தானாக எழுந்துகொள்ளும். ஆல்டர்னேட்டர் டெர்மினல் பாக்ஸைத் திறந்து டார்ச் அடித்தால் விஷயம் அங்கே இருந்தது. பேனல் பக்கம் சிவப்பு, மஞ்சள், நீலம் வரிசை தவறாமல் கட்டியிருந்தார்கள். இங்கே சிவப்பு யூவில், நீலம் வியில், மஞ்சள் டபிள்யூவில். கேபிள் வளைந்து உள்ளே நுழையும்போது நீலம் பக்கத்தில் வந்திருக்கும், மாட்டிவிட்டார்கள். நீலத்தையும் மஞ்சளையும் மாற்றி முறுக்கினார் அண்ணாச்சி.

மறுபடி ஓட்டி, மோட்டாருக்குச் சப்ளை விடும் முன் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். தட்டு சரியான பக்கம் சுற்றியது. பம்பை ஓட்டினோம். மூடிய வால்வில் 5 கிலோ, 38 ஆம்பியர், டைரியில் இருந்த அதே எண். வால்வைத் திறந்து 4 நிமிடத்தில் போன் வந்தது. "வந்துருச்சு சார், நான் கொஞ்சம் கண்ணசரட்டா?"

3 மணிக்கு ஈ.பி. வந்தது. அந்தப் பக்கமும் மீட்டர் வைத்து, ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம். சரி. ரிலேயை சேஞ்ச் ஓவருக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும் என்று காலையில் செய்ய வேண்டிய வேலைகளில் முதல் வரியாக எழுதினேன்.

டீ கொண்டுவரப் போன தம்பி திரும்பி வந்து, ஓடிக்கொண்டிருந்த கப்ளிங் பக்கம் குனிந்தவன் பதறி நிமிர்ந்தான். "சார், மறுபடியும் தப்பாச் சுத்துது!"

டியூப் லைட்டுக்குக் கீழே எட்டு பின்களும் அம்புக்குறிக்கு எதிராக, மெதுவாக, கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன. அண்ணாச்சி டம்ளரை வாங்கிக்கொண்டு, அவனிடம் டார்ச்சை நீட்டினார்.